தலை சுற்றும், ஆனால் விழமாட்டாய்: பதின்ம வயதினரின் பீதித் தாக்கமும் உடலோடு பழகும் பயிற்சியும்

கடந்த வருடம் ஒரு சனிக்கிழமை காலை அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் அவளது மகள் டியூஷன் வகுப்பில் மூச்சு முட்டுகிறது என்று வெளியே ஓடி வந்திருக்கிறாள். ஓட்டோவில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் கொண்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வெளிநோயாளர் பிரிவில் கட்டிலில் இருந்தாள். முகம் வெளிறி, விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"சித்தி, எனக்கு மூச்சு எடுக்கேலாமல் இருக்கு. செத்துப் போயிடுவன் போல கிடக்கு" என்றாள்.

அவளது விரலில் மாட்டியிருந்த சிறிய கருவி, இரத்தத்தில் ஒட்சிசனின் அளவு 99 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், குறையில்லை. அரை மணித்தியாலத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. "பிள்ளைக்கு ஒண்டும் இல்லை, பயந்திட்டா, அவ்வளவுதான்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த "ஒண்டும் இல்லை" அவளுக்கு ஆறுதலாக இருக்கவில்லை. தனக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியவில்லை என்றே அவள் அதை விளங்கிக்கொண்டாள். அடுத்த ஆறு வாரங்களில் அது இன்னும் நான்கு தடவை வந்தது. டியூஷன் மண்டபத்தில் கதவோரத்து வாங்கில் மட்டும் இருக்கத் தொடங்கினாள். பிறகு அங்கே போவதையே நிறுத்தினாள். பஸ்ஸில் போகவில்லை. மாடிப்படி ஏறவில்லை. பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு கோடாலித் தைலம், அம்மாவின் இலக்கம் முதலாவதாக இருக்கும் தொலைபேசி. அப்பம்மா கோயிலில் நூல் கட்டுவித்தார். அயலில் ஒருவர் "படிக்கப் பஞ்சியில நடிக்கிறாள்" என்றார். பரீட்சைக்கு எட்டு மாதங்கள் இருந்தன.

அவளுக்கு நடந்தது பீதித் தாக்கம். பலரும் பெனிக் அட்டாக் என்று சொல்வது இதைத்தான். அது உடலில் எப்படி உருவாகிறது, எந்தப் பயிற்சியால் அதை மாற்ற முடிகிறது என்பதை அவளோடு கூடவே இருந்து பார்த்தேன். அவளது சம்மதத்துடன், சில அடையாளங்களை மாற்றி, இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பத்து நிமிடங்களில் உடலுக்குள் நடப்பது

பீதித் தாக்கம் திடீரென எழுந்து சில நிமிடங்களிலேயே உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கும். நெஞ்சு படபடப்பு, மூச்சு முட்டல், நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்று, வியர்வை, நடுக்கம், விரல் விறைப்பு, சுற்றி இருப்பதெல்லாம் கனவு போலத் தெரிவது, செத்துவிடுவேன் அல்லது விசராகிவிடுவேன் என்ற பயம், இவற்றில் பலவும் ஒன்றாக வரும்.

இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஆபத்து என்று மூளை நினைத்த கணத்தில் அட்ரினலின் சுரக்கிறது. ஓடுவதற்குத் தசைகளுக்கு இரத்தம் வேண்டும், அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. உடல் சூடேறாமலிருக்க வியர்க்கிறது. மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் போகிறது. ஆனால் பிள்ளை ஓடவில்லை, வாங்கில்தான் இருக்கிறாள். தேவைக்கு மேலாக மூச்சு விடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டு குறைந்துவிடுகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கும். தலை சுற்றுவதும் எல்லாம் கனவு போலத் தெரிவதும் அதனால்தான். அதே மாற்றம் நரம்புகளை எளிதில் தூண்டப்படச் செய்கிறது. விரலும் உதடும் கூசி விறைப்பது அதனால். ஓயாமல் வேலை செய்யும் நெஞ்சுத் தசைகள் களைத்து இறுகுகின்றன.

மூச்சு போதவில்லை என்று அவள் சொன்ன நேரத்தில் கருவி 99 காட்டியதன் விளக்கம் இதுதான். மூச்சு குறையவில்லை, கூடிவிட்டது. போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்தாள். இழுக்க இழுக்கத் தலைச்சுற்று கூடியது.

மயங்கி விழுவோம் என்ற பயமும் இப்படித்தான். வழமையான மயக்கத்தில் இரத்த அழுத்தம் சட்டென்று விழுகிறது. பீதித் தாக்கத்தில் அது பெரும்பாலும் கூடுகிறது. ஆகவே விழப்போவது போன்ற உணர்வு இருந்தாலும் விழுவது மிக அரிது. இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்குபவர்கள் இதற்கு விதிவிலக்கு, அது வேறு வகை.

பயத்தைப் பற்றிய பயம்

முதலாவது தாக்கம் ஏன் வந்தது என்று தேடினோம். அன்று அவள் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. வெறும் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போயிருந்தாள். இரவு இரண்டு மணிவரை படித்திருக்கிறாள். தகரக் கூரை, நெருக்கமான வாங்குகள், புழுக்கம். அந்த நிலையில் யாருக்கும் நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். அதுவரை நடந்தது சாதாரணமானது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விடயம். நெஞ்சு அடிப்பதை அவள் கவனித்தாள். "ஏதோ நடக்கப்போகுது" என்று நினைத்தாள். அந்த நினைப்பு அட்ரினலினைக் கூட்டியது. நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. அதைக் கண்டு மேலும் பயந்தாள். பிரித்தானிய உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986 இல் விளக்கிய சுழல் இதுதான்: உடலின் சாதாரண மாற்றம் ஒன்றை உயிராபத்து என்று தவறாக வாசிப்பதுதான் பீதியை வளர்க்கிறது.

இரண்டாவது தடவை தொடங்கி அவளுக்குப் பரீட்சை, டியூஷன், பஸ் எதுவும் பயமாக இருக்கவில்லை. தன் நெஞ்சடிப்பே பயமாக இருந்தது. நாளுக்குப் பல தடவை கழுத்தில் விரல் வைத்து நாடி பார்த்தாள். பார்ப்பவருக்குத்தான் ஒவ்வொரு துடிப்பும் தெரியும்.

தண்ணீர்ப் போத்தலும் கதவோர வாங்கும் செய்த தீமையும் இங்கேதான். ஒவ்வொரு தடவையும் அவள் வெளியே ஓடியபின் தாக்கம் அடங்கியது. "ஓடினபடியால்தான் தப்பினன்" என்று மனம் கணக்கு வைத்தது. ஓடாமல் இருந்தாலும் அது அடங்கியிருக்கும் என்பதை அறிய அவளுக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லை.

பயப்படும் உணர்வை வேண்டுமென்றே வரவழைத்தல்

வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் முதலில் அவளை வைத்தியர் முழுமையாகப் பரிசோதித்தார். இரத்தச்சோகை, தைரொய்ட், முட்டு வருத்தம், வலிப்பு எதுவும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே உளவளத்துணையாளரிடம் அனுப்பினார். அந்த மிஸ் முதல் இரண்டு சந்திப்புகளிலும் மேலே சொன்ன விளக்கத்தைப் படம் கீறிக் காட்டினார். மூன்றாவது சந்திப்பில் ஒரு விடயம் கேட்டார்: "நாங்கள் இஞ்ச வச்சே அந்த உணர்வைக் கொஞ்சம் கொஞ்சமா வரவழைச்சுப் பாப்பமா?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் அது கொடுமையாகத்தான் பட்டது. ஆனால் இது பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள முறை. அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோவும் அவரோடு வேலை செய்தவர்களும் பீதிக்கான சிகிச்சையில் இதை ஒரு முக்கிய பகுதியாக்கினார்கள். பின்னர் பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் டொனா பிங்கஸ் போன்றவர்கள் பதின்ம வயதினருக்கு ஏற்றபடி அதை வடிவமைத்தார்கள். பஸ்ஸுக்குப் பயந்தவரைப் பஸ்ஸில் ஏற்றிப் பழக்குவது போல, நெஞ்சடிப்புக்குப் பயந்தவரை நெஞ்சடிப்போடு பழக்குவதுதான் இது.

முதலில் ஒரு சோதனை. சில சிறிய செயல்களை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்று எண்கள் எழுத வேண்டும், எல்லாம் பூச்சியத்திலிருந்து பத்துக்குள். உணர்வு எவ்வளவு பலமாக இருந்தது, எவ்வளவு பயமாக இருந்தது, உண்மையான தாக்கத்தை எவ்வளவு ஒத்திருந்தது. அவளது கொப்பியில் இருந்தவை இவை:

- தலையை இருபக்கமும் 30 செக்கன் ஆட்டுதல்: உணர்வு 5, பயம் 1, ஒப்பு 2
- சுழல் கதிரையில் ஒரு நிமிடம் சுற்றுதல்: உணர்வு 7, பயம் 2, ஒப்பு 3
- நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுதல்: உணர்வு 6, பயம் 5, ஒப்பு 6
- மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்லிய ஸ்ரோ ஒன்றினூடாக ஒரு நிமிடம் மூச்சு விடுதல்: உணர்வு 6, பயம் 7, ஒப்பு 8
- வேகமாகவும் ஆழமாகவும் வாயால் மூச்சு விடுதல்: உணர்வு 7, பயம் 9, ஒப்பு 9. இதை அவள் 20 செக்கனிலேயே நிறுத்திவிட்டாள்.

மிஸ் இரண்டாவது வரியையும் ஐந்தாவது வரியையும் தொட்டுக் காட்டினார். "இரண்டிலயும் தலை சுத்தினது 7 எண்டு போட்டிருக்கிறீங்கள். ஒண்டுக்குப் பயம் 2, மற்றதுக்கு 9. ஏன்?"

"கதிரையில சுத்தினா தலை சுத்தும் தானே மிஸ்" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

எனக்கும் அந்த இடத்தில்தான் விளங்கியது. உணர்வின் பலம் இரண்டிலும் ஒன்றுதான். ஒன்றின் காரணம் அவளுக்குத் தெரிந்திருந்தது, மற்றதன் காரணம் இன்னும் உடம்பில் பதியவில்லை.

கொப்பியில் இறங்கிய எண்கள்

பயம் மிகக் குறைந்தவற்றை விட்டுவிட்டு, நடுத்தரமாக இருந்த ஓட்டத்தோடு தொடங்கினார்கள். எதை எப்போது செய்வது என்று தெரிவுசெய்தது அவள்தான். ஒவ்வொரு தடவைக்கும் முன்னர் என்ன நடக்கும் என்று நினைக்கிறாள் என்பதை எழுத வேண்டும். "நெஞ்சு அடிச்சு நிக்காமல் போகும்" என்று எழுதினாள். ஓடி முடித்துக் கதிரையில் இருந்தாள். இரண்டு நிமிடங்களில் துடிப்பு குறையத் தொடங்கியது. "நிண்டிட்டுது" என்று பக்கத்தில் எழுதினாள்.

வீட்டில் தினமும் ஒரு வேளை, ஒரு பயிற்சியை ஐந்து தடவை செய்ய வேண்டும். உணர்வு வந்தவுடன் நிறுத்தக் கூடாது, வந்த பிறகும் இன்னும் 30 செக்கன் தொடர வேண்டும். பிறகு ஒன்றும் செய்யாமல் அது தானாக இறங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர் குடிப்பது, தைலம் பூசுவது, நாடி பார்ப்பது எதுவும் இல்லை. தனியாகச் செய்ய அவளுக்கு ஒரு மாதிரி இருந்ததால் முதல் வாரம் நானும் கூடச் செய்தேன். ஸ்ரோவினூடாக மூச்சு விடுவது எனக்கே லேசாக இருக்கவில்லை. நானும் 40 செக்கனில் எடுத்துவிடப் பார்த்தேன்.

ஸ்ரோப் பயிற்சியின் முதல் நாளில் அவளது உணர்வு எண்கள் 6, 6, 7, 6, 6. பயம் 7, 7, 6, 5, 4. அடுத்த நாள் முதல் தடவை பயம் திரும்ப 6 க்குப் போனது. "சரி வரேல்லை" என்று கொப்பியை எறிந்தாள். இது எதிர்பார்க்க வேண்டியது என்று மிஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் சற்று மேலே தொடங்கினாலும் முந்திய நாளைவிடக் கெதியாக இறங்கும். ஐந்தாவது நாள் உணர்வு 6, பயம் 2.

பயிற்சி சரியாகப் போகிறதா என்று தெரிந்துகொள்ள இதுதான் அடையாளம். உணர்வு எண் அப்படியே இருக்க வேண்டும், பயத்தின் எண் மட்டும் இறங்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பெரும்பாலும் பிள்ளை மெதுவாக ஓடுகிறாள், அல்லது மூச்சை அரைகுறையாக விடுகிறாள். எங்களுக்கும் அது நடந்தது. வேக மூச்சுப் பயிற்சியில் மூன்றாவது நாளே பயம் 3 என்று எழுதியிருந்தாள். பார்த்தால் உணர்வும் 3. தலை சுற்றாத அளவுக்கு மெல்லமாக மூச்சு விட்டிருக்கிறாள். திரும்பவும் 30 செக்கனில் தொடங்கி, 45, பிறகு ஒரு நிமிடம் என்று முழுதாகச் செய்தபோதுதான் அது உண்மையாக இறங்கியது.

இன்னொரு தவறு எங்களுடையது. அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு தடவையும் "ஓகேயா? ஏதும் செய்யுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தாயின் முகத்தில் பயம் தெரிந்தால் பிள்ளைக்கு அதுவே சான்று. மிஸ் அக்காவிடம் ஒரு வேலை கொடுத்தார்: நேரத்தை மட்டும் பாருங்கோ, எண்ணை மட்டும் கேளுங்கோ.

ஆழமாக, மெதுவாக மூச்சு விட்டு அமைதியாவது பலரும் சொல்லும் வழி. அது தவறல்ல. ஆனால் இந்தப் பயிற்சியின்போது அதையும் தவிர்க்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் தண்ணீர்ப் போத்தலின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கடதாசிப் பையில் மூச்சு விடும் பழைய முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை. மூச்சு முட்டலுக்கு உண்மையில் முட்டு வருத்தமோ இதய நோயோ காரணமாக இருந்தால் அது ஆபத்தானது.

அறையிலிருந்து பஸ்ஸுக்கு

ஐந்தாவது வாரம் பயிற்சி வெளியே வந்தது. மாடிப்படியை நிற்காமல் ஏறுவது. பிளேன்ரீ குடித்துவிட்டு வெயிலில் சைக்கிள் ஓடுவது. பிறகு சனம் நிறைந்த பஸ்ஸில் மூன்று தரிப்பிடங்கள், பிறகு கடைசி வரை. முதலில் நான் பக்கத்தில், பிறகு பின் சீற்றில், பிறகு நான் இல்லாமல். போத்தல், தைலம், தொலைபேசி ஒவ்வொன்றாக வீட்டில் நின்றன. டியூஷனில் கதவோரத்திலிருந்து ஒவ்வொரு வாங்காக உள்ளே நகர்ந்தாள். நடுவாங்குக்குப் போக மூன்று வாரம் எடுத்தது.

தாக்கமே வராது என்று யாரும் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. மூன்றாவது மாதம் தவணைப் பரீட்சை மண்டபத்தில் ஒன்று வந்தது. பேனையை வைத்துவிட்டு இருந்தாளாம். "ஸ்ரோ மாதிரித்தான் கிடந்தது சித்தி. வா, வந்து போ எண்டு விட்டிட்டன். எழும்பேல்லை." ஒரு கேள்விக்கு விடை எழுத நேரம் போதவில்லை. மற்றவற்றை எழுதி முடித்தாள்.

யார் இதைச் செய்யக் கூடாது

முட்டு வருத்தம், வலிப்பு, இதய நோய், கடுமையான இரத்தச்சோகை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரின் அனுமதி இல்லாமல் ஸ்ரோ, வேக மூச்சு, ஓட்டம் போன்றவற்றைச் செய்யக் கூடாது. ஓடும்போதோ விளையாடும்போதோ மயங்கி விழுதல், வேலை செய்யும்போது மட்டும் வரும் நெஞ்சு நோ, ஒரு கணத்தில் தொடங்கி ஒரு கணத்தில் நின்றுவிடும் படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பீதி என்று முடிவு கட்டாமல் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

ஒரு விபத்து, வன்முறை அல்லது துன்புறுத்தலின் நினைவோடு சேர்ந்து தாக்கம் வருகிறதென்றால் இந்தப் பயிற்சியோடு தொடங்கக் கூடாது. அந்த அனுபவத்துக்கான சிகிச்சை வேறு. வாழ்வில் விருப்பமில்லை என்றோ தன்னைக் காயப்படுத்துவது பற்றியோ பிள்ளை பேசினால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஒரு தாக்கம் வந்ததாலேயே அது நோயாகிவிடாது. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது என்ற பயத்திலோ அதைத் தவிர்ப்பதிலோ ஒரு மாதத்துக்கு மேல் போகும்போதுதான் அதைப் பீதிக் கோளாறு என்கிறார்கள். அந்த நிலைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் சிகிச்சை இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அக்காவின் மகள் அந்தக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறாள். கடைசிப் பக்கத்தில் வேக மூச்சு, ஒரு நிமிடம்: உணர்வு 7, பயம் 1. அதற்குக் கீழே "தலை சுத்தினது. விழேல்லை" என்று எழுதியிருக்கிறாள்.